அழாத நேரத்தைக் கவனியுங்கள்

ஐந்து வாரக் குழந்தை ஒன்று பகலெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. பால் குடிக்கிறது, தூங்குகிறது, விழித்திருக்கும்போது அம்மாவின் முகத்தைப் பார்க்கிறது. சாயங்காலம் ஆறு மணியானால் வீறிட ஆரம்பிக்கிறது. முகம் சிவக்கிறது, கை முஷ்டி இறுகுகிறது, கால் இரண்டும் வயிற்றோடு மடங்குகின்றன, வயிறு விறைக்கிறது. மார்பில் போட்டால் இரண்டு வாய் குடித்துவிட்டு உதறிக்கொண்டு மீண்டும் அழுகிறது. தூளியில் போட்டாலும் தோளில் போட்டாலும் நிற்பதில்லை. ஒன்பது, ஒன்பதரை மணிக்கு அதுவாக ஓய்ந்து தூங்கிப்போகிறது. மறுநாள் சாயங்காலமும் அதே பாடு.

வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். "வாயு சேர்ந்திருக்கு, ஓமத்தண்ணி குடு" என்கிறார் பாட்டி. "உரம் விழுந்திருக்கும், எடுக்கிறவங்ககிட்ட கொண்டு போங்க" என்கிறார் பக்கத்து வீட்டம்மா. "உனக்குப் பால் பத்தலைம்மா, பவுடர் பாலும் சேத்துக் குடு" என்கிறார் மாமியார். உப்பும் மிளகாயும் சுற்றிப்போட்டாயிற்று. தாய்க்கு மட்டும் ஒரே பயம்: பிள்ளைக்கு உள்ளே எங்கேயோ வலிக்கிறது, நமக்குத்தான் தெரியவில்லை.

அந்தப் பயத்தை யாரும் லேசாகத் தள்ளிவிடக் கூடாது. இப்படி அழும் குழந்தைகளில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு எந்த நோயும் இல்லை. ஒரு சிறு பங்குக்கு உண்டு. இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது என்பதுதான் கேள்வி. இதில் எல்லோரும் அழுகையையே உற்றுப் பார்க்கிறோம், அழுகையையே உற்றுக் கேட்கிறோம். ஆனால் விடையின் பெரும் பகுதி குழந்தை அழாத மற்ற நேரத்தில்தான் கிடைக்கிறது.

அழுகைக்கு ஒரு கால அட்டவணை

இந்த மாலை அழுகையை மருத்துவர்கள் கோலிக் என்கிறார்கள். 1954-ல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் மோரிஸ் வெஸ்ஸல் இதற்கு ஒரு வரையறை தந்தார். நன்றாகப் பால் குடித்து ஆரோக்கியமாக இருக்கும் குழந்தை ஒரு நாளில் 3 மணி நேரத்துக்கு மேல், வாரத்தில் 3 நாளுக்கு மேல், 3 வாரத்துக்கு மேல் அழுதால் அது கோலிக். இன்றும் 'மூன்றுகளின் விதி' என்று பாடமாகச் சொல்லித்தரப்படுவது இதுதான். ஆனால் மூன்று வாரம் காத்திருந்து கணக்குப் பார்ப்பது எந்தப் பெற்றோராலும் ஆகாது. 2016-ல் வெளியான சர்வதேச அளவுகோல் அதனால் எளிதாக்கப்பட்டது. ஐந்து மாதத்துக்குள் தொடங்கி ஐந்து மாதத்துக்குள் முடிந்துவிடும், வெளிப்படையான காரணம் இல்லாத, பெற்றோரால் தடுக்கவோ தேற்றவோ முடியாத நீண்ட அழுகை. கூடவே எடை குறைவோ காய்ச்சலோ நோயின் அடையாளமோ இல்லாதிருக்க வேண்டும். கடைசிப் பகுதியைக் கவனியுங்கள். எவ்வளவு அழுகிறது என்பதைவிட, அழுகையோடு வேறு என்ன இருக்கிறது என்பதே அங்கே முக்கியமாகிறது.

1962-ல் டி. பெரி பிரேசல்டன் என்ற மருத்துவர் 80 தாய்மார்களிடம் குழந்தை அழும் நேரத்தைக் குறித்துவரச் சொன்னார். நோய் இல்லாத சாதாரணக் குழந்தைகள்தாம். அவற்றின் அழுகையும் இரண்டாவது வாரத்திலிருந்து கூடிக்கொண்டே போய், ஆறாவது வார வாக்கில் உச்சத்தைத் தொட்டு, பிறகு படிப்படியாகக் குறைந்தது. உச்சத்தில் ஒரு நாளைக்கு இரண்டே முக்கால் மணி நேரம் வரை அழுகை. அதிலும் மாலையில்தான் அதிகம். எல்லாக் குழந்தைகளும் ஏறி இறங்கும் மேட்டில் சில குழந்தைகள் இன்னும் உயரமாக ஏறுகின்றன. கோலிக் என்பது பெரும்பாலும் அவ்வளவுதான். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு இந்த வாரக் கணக்கைப் பிறந்த நாளிலிருந்து பார்க்காமல், பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து பார்க்க வேண்டும்.

இது வளர்ப்பின் குறை அல்ல என்பதற்கும் சான்று உண்டு. ஆப்பிரிக்காவின் கலஹாரிப் பகுதியில் வாழும் குங் சான் மக்கள் குழந்தையை நாள் முழுவதும் உடம்போடு தூக்கி வைத்திருப்பார்கள். மணிக்குப் பலமுறை பால் கொடுப்பார்கள். அவர்கள் குழந்தைகள் ஒவ்வொரு முறையும் அழும் நேரம் குறைவாகவே இருந்தது. ஆனால் முதல் மூன்று மாதங்களில் அழுகை கூடிக் குறையும் அந்தப் போக்கு அங்கும் இருந்ததாக ரொனால்ட் பார் என்ற கனடிய மருத்துவரும் சக ஆய்வாளர்களும் 1991-ல் எழுதினார்கள். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கும் இது வரும், பவுடர் பால் குடிக்கும் குழந்தைக்கும் வரும்.

அப்படியானால் கால் ஏன் மடங்குகிறது, வயிறு ஏன் விறைக்கிறது, வாயு ஏன் பிரிகிறது? உரக்க அழும் எந்தக் குழந்தையும் வயிற்றுத் தசையை இறுக்கும். இறுக்கினால் காலும் மடங்கும். வீறிடும்போது காற்றை விழுங்குகிறது. விழுங்கிய காற்று பின்னால் பிரிகிறது. பல நேரங்களில் வாயு அழுகையின் விளைவே தவிர, காரணம் அல்ல. தடுப்பூசி போடும்போது கைக்குழந்தை அழுவதைப் பார்த்திருப்பீர்கள். அங்கும் முகம் சிவக்கும், முஷ்டி இறுகும், கால் மடங்கும். ஆகவே இந்தத் தோற்றத்தை மட்டும் வைத்து வயிற்று வலி என்று முடிவு கட்ட முடியாது; வலியே இல்லை என்றும் சொல்ல முடியாது.

நான்கு கேள்விகள்

அந்த ஐந்து வாரக் குழந்தைக்கே வருவோம். குழந்தை மருத்துவரிடம் கொண்டுபோனால் அவர் முதலில் கேட்பது அழுகையைப் பற்றி இருக்காது. எடை என்ன என்பார்.

பிறந்தபோது 2.9 கிலோ என்று வைத்துக்கொள்வோம். முதல் வாரத்தில் எல்லாக் குழந்தையும் சற்று மெலியும். இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிடும். அதன்பின் முதல் மூன்று மாதங்களில் ஒரு நாளைக்குச் சுமார் 20 முதல் 30 கிராம் ஏற வேண்டும். இரண்டாவது வார முடிவில் 2.9 கிலோ இருந்த குழந்தை, ஐந்தாவது வார முடிவில், அதாவது 21 நாளில், 400 முதல் 600 கிராம் கூடி 3.3 முதல் 3.5 கிலோ வரை வந்திருக்க வேண்டும். தராசு 3.45 என்று காட்டினால் இரண்டு விஷயம் ஒரே நேரத்தில் தீர்ந்துவிடுகிறது. பால் போதவில்லை என்ற பேச்சுக்கு இடமில்லை. நாள்பட்ட நோய் உள்ளே இருக்கும் சந்தேகமும் பெருமளவு குறைகிறது. 3.05 என்று காட்டினால் கதை வேறு. மூன்று வாரத்தில் 150 கிராம்தான் ஏறியிருக்கிறது. அந்தக் குழந்தை பசியால் அழலாம். மார்பைச் சரியாகக் கவ்வாமல் இருக்கலாம். இதயத்திலோ சிறுநீரகத்திலோ கோளாறு இருக்கலாம். அதைக் கோலிக் என்று சொல்லி அனுப்பக் கூடாது.

இரண்டாவது கேள்வி பால் குடிப்பது பற்றி. மாலையில் மார்பைப் பிடித்துவிட்டு உதறுவது கோலிக்கில் சகஜம். காலையிலும் மதியத்திலும் எப்படிக் குடிக்கிறது? விருப்பமாகக் குடித்துவிட்டுக் கண்ணயர்ந்தால் நல்லது. எந்த நேரத்திலும் குடிக்க மறுத்தால், அல்லது குடிக்கும்போதே மூச்சு வாங்கி நெற்றி வியர்த்தால், உடனே காட்ட வேண்டும். வியர்வையும் மூச்சிரைப்பும் இதயக் கோளாற்றின் அடையாளமாக இருக்கலாம்.

மூன்றாவது, சிறுநீரும் மலமும். ஒரு நாளில் ஆறு தடவையோ அதற்கு மேலோ சிறுநீர் போனால் உடம்பில் நீர்ச்சத்து போதுமான அளவு இருக்கிறது. மலம் மஞ்சளாக, தண்ணீராக, நாளைக்கு ஏழெட்டு முறை போனாலும் தாய்ப்பால் குழந்தைக்கு அது இயல்பு. இரத்தமோ சளியோ கலந்திருந்தால் இயல்பல்ல.

நான்காவதுதான் எல்லாவற்றிலும் பெரிய கேள்வி: ஓர் அழுகைக்கும் அடுத்த அழுகைக்கும் நடுவில் குழந்தை எப்படி இருக்கிறது? கோலிக் குழந்தை அழுது ஓய்ந்ததும் பழைய குழந்தையாகிவிடும். முகம் தெளியும், உடம்பில் நல்ல நிறம் இருக்கும், விழித்தால் பார்க்கும், தொட்டால் கையைக் காலை அசைக்கும். நோயுள்ள குழந்தை அப்படித் திரும்புவதில்லை. அழுகை நின்றபின் துவண்டு கிடக்கும், வெளிறியிருக்கும், எழுப்பினாலும் சரியாக எழாது. வீட்டார் 'அப்பாடா, தூங்கிட்டான்' என்று நிம்மதி அடையும் அந்த நேரத்தில்தான் ஒருமுறை நன்றாகப் பார்க்க வேண்டும்.

உடுப்பைக் கழற்றிப் பாருங்கள்

கனடாவின் டொராண்டோவில் ஒரு குழந்தைகள் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு, காய்ச்சல் இல்லாமல் அழுகைக்காக மட்டும் கொண்டுவரப்பட்ட 237 குழந்தைகளைப் பற்றிய ஆய்வு 2009-ல் வெளியானது. அவர்களில் 12 பேருக்கு, ஏறக்குறைய 5 சதவீதத்தினருக்கு, கவலைக்குரிய நோய் இருந்தது. அதில் அதிகம் காணப்பட்டது சிறுநீர்த் தொற்று. பெரும்பாலானவர்களின் நோயைக் காட்டிக்கொடுத்தவை இரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ அல்ல. பெற்றோர் சொன்ன விவரமும் மருத்துவர் உடம்பைத் தொட்டுப் பார்த்ததுமே. விதிவிலக்கு சிறுநீர்ப் பரிசோதனை. சிறு குழந்தைக்குச் சிறுநீர்த் தொற்று காய்ச்சலே இல்லாமலும் வரும் என்பதால், முதல் சில மாதங்களில் ஓயாமல் அழும் குழந்தைக்கு மருத்துவர் சிறுநீரைப் பார்க்கச் சொன்னால் அதில் அர்த்தம் உண்டு.

தொட்டுப் பார்ப்பதின் முதல் பாதியை வீட்டிலேயே செய்யலாம். வெளிச்சத்தில் குழந்தையைக் கிடத்தி, சட்டை, டயப்பர், காலுறை, அரைஞாண் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, தலை முதல் கால் வரை பாருங்கள்.

உச்சிக்குழி, குழந்தை அமைதியாக நிமிர்ந்திருக்கும்போது, மேடாகப் புடைத்திருக்கக் கூடாது. கண் சிவந்து ஒரு கண்ணில் மட்டும் நீர் வழிந்தால், குழந்தையின் சொந்த நகமே கருவிழியைக் கீறியிருக்கலாம். ஒரு கையையோ காலையோ மட்டும் அசைக்காமல் வைத்திருந்தால், அல்லது அதைத் தொடும்போது வீறிட்டால், எலும்பிலோ மூட்டிலோ பிரச்சினை இருக்கலாம்.

பிறகு விரல்கள். கை விரல், கால் விரல் ஒவ்வொன்றையும் பிரித்துப் பாருங்கள். ஆண் குழந்தைக்கு ஆண்குறியையும். பிரசவமாகி இரண்டு மூன்று மாதத்தில் தாய்க்கு முடி கொட்டுவது சகஜம். அந்த முடி ஒன்று காலுறைக்குள் சிக்கி விரலைச் சுற்றிக்கொண்டால் அறுக்கிற அளவுக்கு இறுகிவிடும். விரல் நுனி வீங்கிச் சிவந்து, பிறகு நீலமாகும். முடி மெல்லியது, வீங்கிய சதைக்குள் புதைந்து கண்ணுக்குத் தெரியாமலும் போகலாம். வீட்டில் எடுக்க முடியாவிட்டால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். நேரம் கடந்தால் விரலுக்கே ஆபத்து.

கடைசியாகத் தொடை இடுக்கும் விரைப்பையும். நம் ஐந்து வாரக் குழந்தை மூன்று வாரமாக ஆறு மணிக்கு அழுகிறது, ஒன்பதரைக்குத் தூங்குகிறது. ஒரு நாள் மட்டும் மதியம் இரண்டு மணிக்கே அழத் தொடங்குகிறது. பால் வேண்டாம் என்கிறது. ஒருமுறை வாந்தி எடுக்கிறது. 'தினமும் அழுகிறவன்தானே' என்று வீடு பழகிப்போயிருக்கிறது. டயப்பரைக் கழற்றிப் பார்த்தால் வலது தொடை இடுக்கில் எலுமிச்சை அளவில் ஒரு கெட்டியான வீக்கம். குடலிறக்கத்தில் குடல் சிக்கிக்கொண்டிருக்கிறது. சில மணி நேரத்துக்குள் சரிசெய்யாவிட்டால் சிக்கிய பகுதிக்கு இரத்த ஓட்டம் நின்றுவிடும். கோலிக் உள்ள குழந்தைக்கு வேறு நோய் வராது என்று எந்த விதியும் இல்லை. நேரம் மாறினால், அழுகையின் தன்மை மாறினால், கூடவே புதிதாக ஏதாவது சேர்ந்தால், அன்றைய அழுகையைப் புதிய அழுகையாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

பொழுது விடியக் காத்திருக்கக் கூடாதவை

சில அடையாளங்களைக் கண்டால் இரவானாலும் கிளம்பிவிட வேண்டும்.

முதலில் காய்ச்சல். இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு அக்குளில் வைத்த தெர்மாமீட்டர் 99.5 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டாலே மருத்துவர் பார்க்க வேண்டும். மூன்று மாதம் வரை எந்தக் காய்ச்சலையும் சொட்டு மருந்து கொடுத்துவிட்டு வீட்டில் வைத்திருக்கக் கூடாது. உடம்பு வழக்கத்துக்கு மாறாகக் குளிர்ந்து போவதும் அதே அளவு ஆபத்து.

அடுத்து பச்சை வாந்தி. குடித்த பாலைத் தயிர்போலக் கக்குவது சாதாரணம். கீரைச் சாறுபோல் பச்சையாக வாந்தி எடுத்தால் பித்தநீர் வருகிறது என்று பொருள், குடல் முறுக்கிக்கொண்டிருக்கலாம். ஒரே ஒரு தடவை வந்தாலும் அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும். மூன்று முதல் ஆறு வாரக் குழந்தை ஒவ்வொரு முறை குடித்ததும் பீய்ச்சியடித்து வாந்தி எடுத்து, உடனே பசித்து மறுபடி குடிக்கத் தேடினால், இரைப்பையின் வாய் தடித்து அடைபட்டிருக்கக்கூடும்.

நாலைந்து மாதத்துக்கு மேற்பட்ட குழந்தை சில நிமிடம் காலை மடக்கி வீறிட்டு, வெளிறி, அடங்கி, பதினைந்து இருபது நிமிடம் கழித்து மறுபடி வீறிட்டால், குடலுக்குள் குடல் செருகியிருக்கலாம். செந்நிறக் கூழ்போல் மலம் போவது அதில் தாமதமாகவே தெரியும். அதற்காகக் காத்திருக்கக் கூடாது. கோலிக் மூன்று நான்கு மாதத்தில் ஓயவேண்டியது. அந்த வயதில் முதல் முறையாகத் தொடங்கும் தேற்ற முடியாத அழுகையைக் கோலிக் என்று நினைக்கவே கூடாது.

இவற்றோடு வலிப்பு, மூச்சுத் திணறல், நிமிடத்துக்கு 60-க்கு மேல் மூச்சு, தூக்கினால் அடங்காமல் இன்னும் அதிகமாகும் அழுகை, முனகலாகத் தேய்ந்த அழுகை, கீழே விழுந்த பிறகு தொடங்கிய அழுகை ஆகியவையும் அவசரம். இவற்றில் எதைக் கண்டாலும் 108-ஐ அழைக்கத் தயங்க வேண்டாம்.

நோய்க்கும் கோலிக்குக்கும் நடுவில் ஒரு சிறு பிரிவு உண்டு: பசும்பால் புரத ஒவ்வாமை. பவுடர் பாலிலும், தாய் குடிக்கும் பால் தயிர் வழியாகத் தாய்ப்பாலிலும் அது குழந்தைக்குப் போய்ச் சேரும். மலத்தில் இரத்தக் கோடு, தோலில் கரப்பான், அடிக்கடி வாந்தி என்று ஏதாவது சேர்ந்திருந்தால் மருத்துவர் தாயைச் சில வாரம் பால் பொருள்களை நிறுத்திப் பார்க்கச் சொல்வார். குறைந்தால், மீண்டும் சாப்பிட்டுப் பார்த்துத்தான் உறுதி செய்ய வேண்டும். அடையாளம் எதுவும் இல்லாமல், அழுகைக்காக மட்டும் தாயின் சாப்பாட்டை ஒவ்வொன்றாக வெட்டிக் கடைசியில் ரசம் சாதத்தில் நிறுத்துவது பிரசவித்த உடம்புக்குச் செய்யும் கொடுமை.

கொடுக்கக் கூடாதது, செய்யக்கூடியது

வாயுவை உடைக்கும் சிமெத்திகோன் சொட்டு மருந்து, வெற்று மருந்தைவிட அழுகையைக் குறைப்பதாக ஆய்வுகளில் தெரியவில்லை. கிரைப் வாட்டருக்கும் நல்ல சான்று இல்லை. டைசைக்ளோமின் கலந்த மருந்து வேறு ரகம். அது மூச்சை நிறுத்தக்கூடும், வலிப்பைக் கொண்டுவரக்கூடும். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது. மருந்துக் கடையில் 'வயித்து வலிக்கு' என்று கேட்டு எந்தப் பாட்டிலையும் வாங்காதீர்கள். வீட்டில் மூத்த பிள்ளைக்கு வாங்கிய பாட்டிலையும் திறக்காதீர்கள். ஆறு மாதம் வரை தாய்ப்பாலைத் தவிர எதுவும் வேண்டாம் என்ற விதி உரை மருந்துக்கும் வசம்புக்கும் ஓமத்தண்ணீருக்கும் பொருந்தும். தேன் ஒரு வயது வரை கூடாது. அதிலுள்ள கிருமி வித்துகள் குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சு உண்டாக்கும்.

உரம் எடுப்பது என்று சேலையில் போட்டு உருட்டுவதும், குடல் தட்டுவது என்று தலைகீழாகப் பிடிப்பதும், வயிற்றில் சூடு வைப்பதும் வேண்டாம். அன்று அழுகை நின்றால், அது எப்படியும் நிற்கவேண்டிய நேரத்தில் நின்றது என்பதுதான் உண்மை.

தேற்ற வழி இல்லாமல் இல்லை. ஜப்பானின் ரிக்கென் ஆய்வு நிலையத்தில் குமி குரோடாவின் குழு 2022-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று வீட்டுக்கு உதவும். அழும் குழந்தையை மார்போடு அணைத்து, நிற்காமல், திடீரென்று திரும்பாமல் ஐந்து நிமிடம் சீராக நடங்கள். தூங்கிவிட்டால் உடனே கிடத்தாமல் ஐந்திலிருந்து எட்டு நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்து பிறகு கிடத்துங்கள். உடனே கிடத்தும்போது, அம்மாவின் உடம்பிலிருந்து பிரியும் அந்த நொடியிலேயே குழந்தையின் இதயத் துடிப்பு மாறி விழிப்புத் தட்டுகிறது. எல்லாக் குழந்தைக்கும் எல்லா மாலையிலும் இது பலிக்காது. பலிக்காத மாலையில் குறைவான வெளிச்சம், மின்விசிறியின் சீரான சத்தம், அம்மாவுக்குப் பதில் இன்னொருவர் தோள் ஆகியவற்றை முயலலாம்.

எதுவும் பலிக்காத நாளும் வரும். மூன்று மணி நேர அழுகைக்குப் பின் எந்த நல்ல மனிதருக்கும் கை நடுங்கும், கோபம் வரும். அப்போது குழந்தையைக் குலுக்கிவிட்டால் சில நொடிகளில் மூளைக்குள் இரத்தக் கசிவு ஏற்படலாம். பார்வை போகலாம், உயிரும் போகலாம். கோபம் ஏறுவது தெரிந்தால் குழந்தையைத் தொட்டிலிலோ பாயிலோ மல்லாக்கக் கிடத்திவிட்டு, அடுத்த அறைக்குப் போய்ப் பத்து நிமிடம் இருங்கள். பத்து நிமிடம் தனியாக அழுவதால் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது. தினமும் ஆறு மணியை நினைத்தே தாய்க்குப் பகலெல்லாம் கண்ணீர் வந்தால், அவருக்கும் மருத்துவர் தேவை.

ஒரு வாரத்துக்கு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்: அழுத நேரம், பால் குடித்த நேரம், சிறுநீர் எத்தனை முறை, வாந்தியின் நிறம், அழுகைக்குப்பின் குழந்தை இருந்த விதம். கடைசியாக எடை பார்த்த சீட்டையும் அதோடு வையுங்கள். மருத்துவர் நோய் இல்லை என்று சொன்ன பிறகும் நோட்டைத் தொடருங்கள். எட்டாவது, பத்தாவது வாரத்தில் நேரம் குறைந்துகொண்டே வருவது உங்களுக்கே தெரியும். பெரும்பாலான குழந்தைகளுக்கு மூன்று, நான்கு மாதத்தில் இந்த அழுகை நின்றுவிடுகிறது. குறையாமல் கூடினால், அல்லது ஐந்து மாதத்தைத் தாண்டியும் நீடித்தால், அதே நோட்டோடு மறுபடி மருத்துவரிடம் போக வேண்டும். முதல் முறை சொன்ன பதில் அன்றைய குழந்தைக்குச் சொன்ன பதில்தான்.